சி.டி. ஒரு நடுப்புள்ளி சொல்கிறது, டிரிப்டோபான் இன்னொன்று சொல்கிறது: எதை நம்புவது?

கேள்வி: ஸ்டஃபைலோகாக்கஸ் நியூக்ளியேஸை யூரியாவில் அவிழ்த்து, 222 நானோமீட்டரில் சி.டி.யும் டிரிப்டோபான் ஒளிர்வும் அளந்தேன். சி.டி. வளைவின் நடுப்புள்ளி 2.5 மோலார். ஒளிர்வின் சராசரி அலைநீளத்தை வரைந்தால் 2.8 மோலார் அருகே வருகிறது. நடுவில் ஓர் இடைநிலை இருக்கிறது என்று எழுதிவிடலாமா? சூடாக்கிப் பார்த்தாலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

பதில்:

இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவு வித்தியாசம் இடைநிலை எதுவும் இல்லாத, மடிந்தது அவிழ்ந்தது என இரண்டே நிலைகள் கொண்ட புரதத்திலும் வரும். எவ்வளவு வரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடியும். ஒளிர்வுத் தரவில் நீங்கள் எந்த அளவை வரைபடத்தில் வைத்தீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. புரதத்தின் மீது சந்தேகப்படுவது அதற்குப் பிறகுதான்.

முதலில் இரண்டு அளவீடுகளும் எதைப் பார்க்கின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சி.டி. எனப்படும் சர்க்குலர் டைக்ராயிசம் என்பது இடப்புறமாகச் சுழலும் ஒளியையும் வலப்புறமாகச் சுழலும் ஒளியையும் ஒரு பொருள் உறிஞ்சும் அளவில் உள்ள வேறுபாடு. 222 நானோமீட்டரில் அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஆல்பா சுருளில் அடுக்கப்பட்டிருக்கும் பெப்டைடு பிணைப்புகள். ஆகவே சி.டி. கொடுப்பது 149 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி முழுவதற்குமான ஒரு சராசரி. ஒளிர்வு அப்படியல்ல. நியூக்ளியேஸில் டிரிப்டோபான் ஒன்றே ஒன்றுதான், 140ஆம் இடத்தில், சங்கிலியின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. மடிந்த நிலையில் அது ஓரளவு நீர்படாமல் இருப்பதால் அதன் ஒளிர்வு உச்சம் 335 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். அவிழ்ந்து நீரில் வெளிப்பட்டதும் உச்சம் 350ஐ நோக்கி நகரும், ஒளிர்வின் செறிவும் வெகுவாகக் குறையும். இந்தச் செறிவுக் குறைவைத்தான் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

சி.டி. குறிகை ஒவ்வொரு நிலையிலும் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. பாதி மூலக்கூறுகள் அவிழ்ந்திருந்தால் குறிகையும் சரியாகப் பாதி வழியில் நிற்கும். ஒரே அலைநீளத்தில் அளந்த ஒளிர்வுச் செறிவும் அப்படியே. ஆனால் சராசரி அலைநீளம் அப்படி நடந்துகொள்ளாது. அதில் ஒவ்வொரு நிலையின் பங்கும் அந்த நிலை எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கிறது என்பதால் பெருக்கப்படுகிறது:

```
λ = (fN·QN·λN + fU·QU·λU) / (fN·QN + fU·QU)
```

இதில் fN, fU என்பவை மடிந்த, அவிழ்ந்த மூலக்கூறுகளின் பின்னங்கள். QN, QU என்பவை அவற்றின் மொத்த ஒளிர்வுச் செறிவுகள். λN, λU என்பவை அவற்றின் சராசரி அலைநீளங்கள். மடிந்த நிலை அவிழ்ந்த நிலையைவிட மூன்று மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொள்வோம். λN 340 என்றும் λU 354 என்றும் கொள்வோம். சரியாகப் பாதி மூலக்கூறுகள் அவிழ்ந்திருக்கும் கலவையில் இந்தச் சூத்திரம் தருவது 343.5 நானோமீட்டர். இரண்டுக்கும் நடு 347 அல்லவா? ஆக, உண்மையில் பாதி அவிழ்ந்துவிட்ட இடத்தில் உங்கள் வரைபடம் கால் பங்குதான் அவிழ்ந்தது என்று காட்டும். கூட்டத்தில் நான்கு பேர் உரக்கக் கத்தினால் மெதுவாகப் பேசுகிற பத்துப் பேர் காதில் விழமாட்டார்கள் என்பது போன்ற நிலைதான் இது.

347ஐ எட்ட வேண்டுமானால் அவிழ்ந்தவை மடிந்தவற்றைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். அதாவது சமநிலை மாறிலி K மூன்றாக வேண்டும். 25 டிகிரியில் RT-யின் மதிப்பு மோலுக்கு 0.593 கிலோகலோரி, 3-இன் இயல் மடக்கை 1.10, இரண்டையும் பெருக்கினால் 0.65 கிலோகலோரி. நியூக்ளியேஸ் யூரியாவில் அவிழும்போது m மதிப்பு, அதாவது ஒவ்வொரு மோலார் யூரியாவுக்கும் நிலைப்பு எவ்வளவு குறைகிறது என்பது, சுமார் 2.4 கிலோகலோரி. எனவே நடுப்புள்ளி 0.65 வகுத்தல் 2.4, அதாவது 0.27 மோலார் வலப்புறம் தள்ளிப்போகும். 2.5-இல் இருக்க வேண்டியது 2.77-இல் தெரியும். உங்களுக்கு வந்தது ஏறக்குறைய இதே எண்.

இதில் இன்னும் சங்கடமான ஒரு விஷயம் உண்டு. மேலே உள்ள சூத்திரத்தை மாற்றி எழுதினால், சராசரி அலைநீளத்திலிருந்து நீங்கள் பெறும் சமநிலை மாறிலி உண்மையான மாறிலியை QU/QN என்ற ஒரே எண்ணால் பெருக்கியது என்று தெரியவரும். யூரியாவின் அளவு மாறினாலும் அந்த எண் ஏறக்குறைய மாறாது. அதனால் வளைவின் வடிவம் கெடாது, m மதிப்பும் மாறாது; புரதத்தின் நிலைப்பைச் சொல்லும் ΔG மட்டும் 6.0 இருக்க வேண்டிய இடத்தில் 6.65 என்று வரும். வளைவுப் பொருத்தம் கச்சிதமாக விழும், தரவுக்கும் பொருத்தத்துக்கும் உள்ள எச்சங்களில் ஒழுங்கான அலை எதுவும் தெரியாது. பொருத்தம் நன்றாக இருக்கிறதே என்று நம்பிப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 350க்கும் 330க்கும் உள்ள செறிவு விகிதத்தை வரைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அங்கே எடையாக நிற்பது கீழே வகுக்கும் எண்ணான 330 நானோமீட்டர் செறிவு. அந்த அலைநீளத்தில் மடிந்த நிலையின் பிரகாசம் அவிழ்ந்ததைவிட இன்னும் பல மடங்கு அதிகம். அந்த மடங்கு ஆறு என்றால் விலகல் 0.44 மோலார் ஆகிவிடும்.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் உச்ச அலைநீளத்தையும் சராசரி அலைநீளத்தையும் வரைகிறார்கள்? காரணம் நியாயமானதுதான். குழாய்க்குக் குழாய் புரத அளவு இரண்டு சதவீதம் கூடக் குறைய இருந்தாலும் அலைநீளம் அசையாது, ஒளிர்வுச் செறிவு அசையும். பைப்பெட் பிழையை மறைத்துவிடும் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் பிழையை மறைப்பதற்குப் பதில் பிழையைக் குறைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரே புரதச் செறிவு கொண்ட இரண்டு கரைசல்களைத் தயாரியுங்கள், ஒன்றில் யூரியா இல்லாமல், மற்றதில் 8 மோலார் யூரியாவுடன். இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து எல்லாக் குழாய்களையும் உண்டாக்கினால் புரத அளவு தானாகவே எங்கும் ஒன்றாக இருக்கும்.

நீங்கள் புதிதாக எதையும் அளக்கத் தேவையில்லாமலேயே முதல் சோதனையைச் செய்துவிடலாம். ஏற்கெனவே பதிவு செய்த நிறமாலைகளிலிருந்து 335 நானோமீட்டரில் உள்ள செறிவை மட்டும் எடுத்து யூரியாவுக்கு எதிராக வரையுங்கள். அதையும் சி.டி. தரவையும் ஒரே ΔG, ஒரே m மதிப்புடன் சேர்த்துப் பொருத்துங்கள். அடிக்கோடுகளை மட்டும் ஒவ்வொரு குறிகைக்கும் தனியாக விடுங்கள்.

```python
import numpy as np
RT = 0.593  # kcal/mol, 25 C

def signal(D, dG, m, aN, bN, aU, bU):
    K = np.exp(-(dG - m*D)/RT)
    return (aN + bN*D + (aU + bU*D)*K)/(1 + K)
```

இந்தச் சார்பில் bN, bU என்பவை அடிக்கோடுகளின் சாய்வு. அவற்றைப் பூஜ்யமாக வைக்கும் ஆசை வேண்டாம். யூரியா கூடக்கூட, புரதம் எதுவும் அவிழாத நிலையிலும், நீரில் வெளிப்பட்ட டிரிப்டோபானின் ஒளிர்வு மெல்ல மாறும். அந்தச் சாய்வை நிர்ணயிக்க மாற்றத்துக்கு முன்னும் பின்னும் போதுமான புள்ளிகள் தேவை. நியூக்ளியேஸுக்கு 0 முதல் 1.5 மோலார் வரையும் 4 முதல் 7 மோலார் வரையும் தாராளமாகப் புள்ளிகளை எடுங்கள். பலர் மாற்றம் நடக்கும் பகுதியில் நெருக்கமாக அளந்துவிட்டு இரு ஓரங்களையும் மூன்று நான்கு புள்ளிகளோடு விட்டுவிடுகிறார்கள். நடுப்புள்ளி அப்போதும் ஓரளவு சரியாக வரும். ஆனால் ΔG என்பது பூஜ்ய யூரியாவுக்கு நேர்கோட்டில் நீட்டிப் பெறும் மதிப்பு என்பதால், அடிக்கோட்டில் உள்ள சிறு பிழை அங்கே பெரிதாகிவிடும்.

மறுவரைவில் இரு வளைவுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் உங்கள் இடைநிலை மறைந்துவிட்டது என்று பொருள். விழவில்லை என்றால், அப்போதும் அது புரதத்தின் குணம் என்று முடிவு செய்வதற்கு முன் கரைசல்களைப் பார்க்க வேண்டும். சி.டி.க்கு ஒரு தொகுதிக் குழாய்கள், ஒளிர்வுக்கு வேறொரு நாளில் கலந்த வேறொரு தொகுதி என்று அளந்திருந்தால், 0.1 மோலார் வித்தியாசம் யூரியாவை நிறுத்த விதத்திலிருந்தே வந்துவிடும். யூரியா ஈரத்தை இழுக்கும். எடை பார்த்துக் கரைத்த செறிவை நம்ப முடியாது. ஒளிவிலகல் எண்ணை அளந்து செறிவைக் கணக்கிடுவதே வழக்கம்:

```
[urea] = 117.66·ΔN + 29.753·ΔN² + 185.56·ΔN³
```

ΔN என்பது யூரியா உள்ள தாங்கல் கரைசலுக்கும் இல்லாத கரைசலுக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாடு. விடை மோலாரில் வரும். கரைசலை அன்றன்று தயாரிப்பதும் முக்கியம். நிற்க நிற்க யூரியாவில் சயனேட் உருவாகி, லைசினின் அமினோ தொகுதிகளைக் கார்பமைல் ஏற்றிக் கெடுத்துவிடும். சூடு பட்டால் அது இன்னும் விரைவாக நடக்கும்.

இந்தப் புரதத்துக்கு ஒரே குழாய்த் தொகுதியை இரண்டு கருவிகளிலும் வைத்து அளப்பது எளிது. மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்பது இங்கே 6 மைக்ரோமோலார். 2 மில்லிமீட்டர் குவெட்டில் சி.டி. குறிகை போதுமான அளவு வரும், அதே கரைசலை 1 சென்டிமீட்டர் குவெட்டுக்கு மாற்றினால் 295 நானோமீட்டரில் அதன் உறிஞ்சல் மிகக் குறைவு என்பதால் ஒளிர்வும் திரியாது. சி.டி.யில் யூரியா 210 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை அதிகமாக உறிஞ்சுவதால் முழு நிறமாலை கிடைக்காது, 222 மட்டும் பாதுகாப்பாக இருக்கும். திரையில் HT என்று காட்டும் மின்னழுத்தம் 600 வோல்ட்டைத் தாண்டி ஏறும் அலைநீளங்களில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒளிர்வைத் தூண்டுவதற்கு 280 அல்ல, 295 நானோமீட்டரைப் பயன்படுத்துங்கள். 280-இல் டைரோசின்களும் ஒளியை உறிஞ்சி, மடிந்த நிலையில் தங்கள் ஆற்றலை அருகில் உள்ள டிரிப்டோபானுக்குக் கடத்தும். சங்கிலி அவிழ்ந்ததும் அந்தக் கடத்தல் குறைந்து டைரோசின் தானாகவே ஒளிரத் தொடங்கும். அப்போது நீங்கள் அளப்பது டிரிப்டோபானின் சூழலை மட்டும் அல்ல. 295-க்கு அதற்கே உரிய ஒரு பொறி உண்டு: நீரின் ராமன் சிதறல் சரியாக 328 நானோமீட்டரில், மடிந்த நிலையின் உச்சத்துக்கு மிக அருகில் வந்து விழும். புரதம் நீர்த்திருந்தால் அந்தச் சிறு மேடு உச்சத்தை நீலப் பக்கம் இழுத்துக் காட்டும். ஒவ்வொரு யூரியா அளவுக்கும் புரதம் இல்லாத வெறும் கரைசலை அளந்து கழிக்க வேண்டும்; ஒரே வெறும் கரைசலை எல்லாவற்றுக்கும் கழிப்பது போதாது.

அடுத்தது காத்திருப்பு. சமநிலையை எட்டாத குழாய்கள் இரு கருவிகளிலும் வெவ்வேறு நேரத்தில் அளக்கப்பட்டால் இரண்டு நடுப்புள்ளிகள் வருவது இயல்பே. அவிழ்வதும் மீண்டும் மடிவதும் மிக மெதுவாக நடப்பது நடுப்புள்ளியின் அருகில்தான். ப்ரோலின் பிணைப்புகள் தங்கள் வடிவத்தை மாற்றிக்கொள்ளவும் நிமிடக்கணக்கில் ஆகும். இதைச் சரிபார்க்க நல்ல வழி இரு திசையிலிருந்தும் ஒரே புள்ளிக்கு வருவது. மடிந்த புரதத்தில் யூரியாவைச் சேர்த்து 2.5 மோலாருக்குக் கொண்டுவாருங்கள். 6 மோலாரில் அவிழ்த்த புரதத்தை நீர்த்து அதே 2.5 மோலாருக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே சி.டி.யையும் ஒரே ஒளிர்வையும் தந்தால்தான் அது சமநிலை; தராவிட்டால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு காத்திருந்தும் சேரவில்லை என்றால் அவிழ்ப்பு மீளத்தக்கதல்ல, அந்தத் தரவிலிருந்து ΔG என்று எதையும் எடுக்கக் கூடாது.

இனி வெப்பம். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, டிரிப்டோபான் ஒளிர்வு புரதம் எதுவும் அவிழாமலேயே வெப்பநிலையோடு குறைந்துகொண்டே போகும் என்பது. ஆற்றல் ஒளியாக வெளியேறாமல் வேறு வழிகளில் கழியும் வேகம் சூட்டோடு கூடுவதே காரணம். ஒரு டிகிரிக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவு என்பது சாதாரணம். 20 முதல் 80 டிகிரி வரை போனால் அந்தச் சரிவுக்குள் அவிழ்ப்பு ஒரு சிறு வளைவாகத்தான் தெரியும். மடிந்த, அவிழ்ந்த நிலைகளின் இரு சரிவுக் கோடுகளும் உருகுநிலையின் அருகில் ஒன்றை ஒன்று வெட்டும் புரதங்களில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. இதனாலேயே சூட்டில் பலர் விகிதத்துக்கோ சராசரி அலைநீளத்துக்கோ தாவுகிறார்கள். அங்கே மேலே சொன்ன எடை ஏறிய சராசரிப் பிரச்சினை மீண்டும் வருகிறது. நியூக்ளியேஸின் உருகுநிலை நடுநிலை pH-இல் 53 டிகிரி அளவில் இருக்கிறது. அவிழ்ப்பின் வெப்ப அளவை மோலுக்கு 85 கிலோகலோரி என்று கொண்டால், மூன்று மடங்கு பிரகாச வேறுபாடு உருகுநிலையைச் சுமார் 2.7 டிகிரி மேலே தள்ளும். விகிதத்தில் அந்த மடங்கு ஆறாக இருந்தால் நான்கரை டிகிரி அளவு தள்ளும். நுண்குழல்களில் ஒளிர்வு விகிதத்தைக் கொண்டு உருகுநிலை தரும் கருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. ஒரே புரதத்தின் இரு மாற்றுவடிவங்களை ஒப்பிடுவதற்கு அவை நல்லவை, ஆனால் அந்த எண்ணைச் சி.டி. எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல.

வெப்பத்துக்கு 222 நானோமீட்டர் சி.டி.யையே முதன்மையாகக் கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றம் பொதுவாகப் போதும். தாங்கல் கரைசலாக ட்ரிஸ் வேண்டாம், ஒரு டிகிரிக்கு அதன் pH ஏறத்தாழ 0.03 குறைவதால் 60 டிகிரியில் நீங்கள் வேறொரு pH-இல் நின்றுகொண்டிருப்பீர்கள்; 10 மில்லிமோலார் பாஸ்பேட் பெரிதாக மாறாது. 80 டிகிரி வரை போய்விட்டு 20-க்கு இறக்கி அதே மாதிரியை மீண்டும் அளந்து, பிறகு இரண்டாம் முறை சூடாக்குங்கள். இரண்டாவது வளைவு முதலாவதன் மேல் விழாவிட்டால், அல்லது ஏற்ற வேகத்தைப் பாதியாக்கினால் உருகுநிலை கீழே இறங்கினால், நீங்கள் அளந்தது சமநிலை அல்ல, திரள்வதற்கு முந்தைய ஒரு ஓட்டம். திரளல் நடப்பது சி.டி.யில் மேல் அடிக்கோடு தட்டையாகாமல் சரிந்துகொண்டே போவதிலும், 350 நானோமீட்டரில் உறிஞ்சல் எழுவதிலும் தெரியும். அங்கே புரதமோ டிரிப்டோபானோ ஒளியை உறிஞ்சுவதில்லை; எழுவது முழுவதும் சிதறல்.

இவை எல்லாவற்றையும் கடந்த பிறகும், ஒரே அலைநீளச் செறிவுக்கும் சி.டி.க்கும் உள்ள வித்தியாசம் அளவீட்டுப் பிழையைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால், அது உண்மையான செய்தி. மனித சீரம் ஆல்புமினில் அப்படி நடக்க நல்ல காரணம் இருக்கிறது. மூன்று பகுதிகளாக மடிந்திருக்கும் 585 அமினோ அமிலங்களுக்கு டிரிப்டோபான் ஒன்றுதான், 214ஆம் இடத்தில், இரண்டாம் பகுதியில் இருக்கிறது. மற்ற இரு பகுதிகளில் ஒன்று முன்னதாகவே அவிழ்ந்தால் சி.டி. அதைச் சொல்லும், டிரிப்டோபானுக்கு அது தெரியவே தெரியாது. அங்கே எது சரி என்ற கேள்விக்கு இடமில்லை. இரண்டும் சரி, பார்க்கும் இடம் வேறு. சிறிய, ஒரே பகுதியாக மடியும் நியூக்ளியேஸில் அப்படி ஒரு முடிவுக்கு வர இன்னும் வலுவான சான்று வேண்டும். மறுபக்கமாக, இரு வளைவுகளும் ஒன்றாக விழுந்துவிட்டதாலேயே இடைநிலை இல்லை என்றும் நிறுவிவிட முடியாது. குறைந்த அளவில் தோன்றும் ஒன்று, அல்லது இரு குறிகைகளிலும் அவிழ்ந்த நிலையைப் போலவே தோற்றம் தரும் ஒன்று, இந்த இரண்டு அளவீடுகளின் கண்ணிலும் படாமல் போகலாம்.

வித்தியாசம் நிலைத்துவிட்டால் அடுத்த அளவீடு 250 முதல் 300 நானோமீட்டர் வரையிலான அண்மைப் புறஊதாச் சி.டி. அந்தப் பகுதியில் குறிகை தருவது டைரோசின், டிரிப்டோபான் போன்ற வளையங்கள் ஒரே திசையில் இறுக்கமாக அடைபட்டிருப்பது. ஆல்பா லாக்டால்புமின் அமிலத்தில் சுருள்களைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டே இந்த இறுக்கத்தை இழப்பது இப்படித்தான் தெரியவந்தது: 222-இல் குறிகை நிற்கிறது, 270-ஐ ஒட்டி அது மறைந்துவிடுகிறது. குறிகை மிகவும் பலவீனம் என்பதால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவு புரதமும் 1 சென்டிமீட்டர் குவெட்டும் தேவைப்படும். ஆகவே முன்பு கலந்த குழாய்கள் உதவா; பத்து மடங்கு செறிவில் புதிய தொகுதி ஒன்றைக் கலக்க வேண்டும், அந்தச் செறிவில் 222-இன் நடுப்புள்ளி அதே 2.5-இல் நிற்கிறதா என்பதை 0.2 மில்லிமீட்டர் குவெட்டில் முதலில் பார்த்துவிட வேண்டும்.